சிபில் ஸ்கோரை நாமே பார்த்தால் குறையுமா?

வீட்டுக் கடனோ, வண்டிக் கடனோ, கடைக்கு ஒரு மெஷின் வாங்கக் கடனோ, எதற்காக வங்கிக்குப் போனாலும் இப்போது முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்க சிபில் எவ்வளவு?" பதில் தெரியாமல் விழிப்பவர்கள் நிறைய பேர். ஏன் பார்த்துவைக்கவில்லை என்று கேட்டால், "அடிக்கடி பார்த்தா குறைஞ்சிடும்னு சொன்னாங்க, அதான் பார்க்கலை" என்பார்கள்.

நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுவோம். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்த்தால் அது ஒரு புள்ளிகூடக் குறையாது. மாதம் ஒருமுறை பார்த்தாலும் குறையாது, தினமும் பார்த்தாலும் குறையாது. ஆனால் இந்தப் பயத்தில் பார்க்காமலே இருந்தால் நஷ்டம் வர வாய்ப்பு உண்டு. அது எப்படி என்பதையும், "பார்க்கிறோம்" என்று நினைத்துக்கொண்டு உண்மையிலேயே ஸ்கோரைக் குறைத்துக்கொள்ளும் இடம் எது என்பதையும் பார்க்கலாம்.

ஸ்கோர் எங்கிருந்து வருகிறது?

'சிபில்' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அது ஒரு நிறுவனத்தின் பெயர். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உங்கள் கடன் கணக்கு விவரத்தை இந்த நான்குக்கும் அனுப்புகின்றன. எவ்வளவு கடன் வாங்கினீர்கள், எவ்வளவு பாக்கி, தவணையைத் தேதிக்குள் கட்டினீர்களா, எத்தனை நாள் தாமதம் என்பவைதான் அந்த விவரம். அதை வைத்து 300 முதல் 900 வரை ஓர் எண் போடுகிறார்கள். அதுதான் ஸ்கோர்.

உங்கள் சம்பளம் எவ்வளவு, சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வீட்டில் எத்தனை பவுன் நகை என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. "நான் மாசம் ஒரு லட்சம் சம்பாதிக்கிறேன், எனக்கு ஸ்கோர் நல்லாத்தான் இருக்கும்" என்பதும் ஒரு தவறான நம்பிக்கைதான். ஒரு லட்சம் சம்பளக்காரர் கிரெடிட் கார்டு பில்லை மூன்று மாதம் மறந்தால் ஸ்கோர் இறங்கும். பதினைந்தாயிரம் சம்பாதிப்பவர் தவணையைத் தேதி தவறாமல் கட்டினால் அவருடையது நன்றாக இருக்கும்.

யார் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்

உங்கள் அறிக்கையை இரண்டு தரப்பினர் கேட்கலாம். ஒன்று நீங்கள். இன்னொன்று, உங்களுக்குக் கடன் தரலாமா என்று முடிவெடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம்.

நீங்கள் கேட்டால் அதற்கு சாஃப்ட் என்கொயரி என்று பெயர். உங்கள் விவரத்தை நீங்கள் தெரிந்துகொள்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால் ஸ்கோர் மாறாது. வீட்டு மின் மீட்டரை நீங்கள் எட்டிப் பார்த்தால் ரீடிங் ஏறுமா? அதுபோலத்தான் இதுவும்.

நீங்கள் கடனுக்கு விண்ணப்பித்த பிறகு வங்கி கேட்டால் அது ஹார்ட் என்கொயரி. எந்த வங்கி, எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்காகக் கேட்டது என்பது அறிக்கையில் பதிவாகும். அடுத்து நீங்கள் போகும் வங்கியும் அந்தப் பதிவைப் பார்க்கும். ஸ்கோரைப் போடும்போதும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

ஏன் இந்த வித்தியாசம்? கடனுக்கு விண்ணப்பிப்பவர் புதிதாக ஒரு பொறுப்பை ஏற்கப் போகிறார். குறுகிய காலத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பித்தால், இவருக்குப் பணமுடை இருக்கிறதோ, எல்லா இடத்திலும் மறுத்துவிட்டார்களோ என்று கடன் தருபவர் யோசிப்பார். தன் கணக்கைத் தானே பார்க்கிற ஒருவரைப் பற்றி அப்படி யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஒரே ஒரு ஹார்ட் என்கொயரியால் பெரிய பாதிப்பு வந்துவிடாது. கடன் வேண்டுமென்றால் எப்படியும் விண்ணப்பித்துத்தானே ஆக வேண்டும். சிறிய அளவில் குறைந்தாலும், தவணைகளை ஒழுங்காகக் கட்டிவந்தால் நாளடைவில் சரியாகிவிடும். பிரச்சினை, சில நாட்களுக்குள் பல விண்ணப்பங்களைக் குவிப்பதில்தான்.

அப்புறம் ஏன் எனக்குக் குறைந்தது?

"நீங்க சொல்றீங்க, ஆனா போன மாசம் பார்த்தப்போ 748, இந்த மாசம் 731. பார்த்ததாலதானே குறைஞ்சுது?" என்று கேட்பவர்கள் உண்டு. எண் குறைந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் காரணம் வேறு. பெரும்பாலும் கீழே உள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நீங்கள் வேறு நிறுவனத்தின் ஸ்கோரைப் பார்த்திருக்கலாம். ஒரு செயலி எக்ஸ்பீரியன் எண்ணைக் காட்டும், இன்னொன்று சிபில் எண்ணைக் காட்டும். நான்கு நிறுவனங்களும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு நான்கு வெவ்வேறு எண்கள் வரலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதானால் அதே நிறுவனத்தின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். திரையின் அடியில் எந்த நிறுவனத்தின் ஸ்கோர் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

இரண்டாவது, இடையில் புதிய விவரம் வந்திருக்கும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பிவந்த கடன் விவரத்தை, 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டில் இந்த முறை லிமிட்டின் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தால், பில்லைத் தேதிக்குள் கட்டினால்கூட எண் கொஞ்சம் இறங்கித் தெரியும். அடுத்த முறை ஏறும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. ஸ்கோர் பார்ப்பதாக நினைத்து, கடனுக்கே விண்ணப்பித்திருக்கலாம்.

எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள்?

இப்போது பல செயலிகள் இலவசமாக ஸ்கோர் காட்டுகின்றன. எண் தெரிந்ததுமே அதற்குக் கீழே, "உங்களுக்கு ₹2 லட்சம் கடன் தயார்" என்று ஒரு பெட்டி வரும். எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எந்த பாதிப்பும் இல்லை. "எவ்வளவுதான் தர்றாங்கன்னு பார்ப்போமே" என்று அந்தப் பெட்டியைத் தொட்டு, வேலை, சம்பளம் எல்லாம் நிரப்பி, "Apply Now" போன்ற பட்டனை அழுத்தினால் அது விண்ணப்பம். அந்தச் செயலி உங்கள் விவரத்தை ஒரே நேரத்தில் பல நிதி நிறுவனங்களுக்கு அனுப்பவும் கூடும். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக உங்கள் அறிக்கையைக் கேட்டால், ஒவ்வொன்றும் ஒரு பதிவு.

அடையாளம் காண ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்கோர் பார்க்க மட்டும் என்றால் பெயர், பிறந்த தேதி, பான் எண், மொபைல் எண், ஓடிபி ஆகியவை போதும். எவ்வளவு கடன் வேண்டும், எதற்காக, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினால் நீங்கள் விண்ணப்பப் பக்கத்துக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். கடன் வேண்டாமென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் அறிக்கையை எடுத்தால், கடன் தகவல் நிறுவனம் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 அக்டோபரில் வந்த அந்த உத்தரவு 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் எங்கும் கடன் கேட்காதபோது அப்படி ஒரு செய்தி வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் பான் எண்ணைக் காட்டி வேறு யாரோ கடன் கேட்கிறார்களா என்று உடனே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதே சமயம், அந்தச் செய்தியில் இருக்கும் லிங்கைத் தொட வேண்டாம். நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போவதுதான் பாதுகாப்பு.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். 2019-இல் ஒரு நிதி நிறுவனத்தில் ஸ்கூட்டருக்கு ₹60,000 கடன் வாங்கி, இரண்டு வருடத்தில் கட்டி முடித்தார். நடுவில் ஒரு மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டது. அதற்கான அபராதம் ₹590. அதையும் கிளைக்குப் போய்ப் பணமாகக் கட்டி ரசீது வாங்கிவிட்டார். ஆனால் அந்த ₹590 அவர் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றிதழை அவரும் கேட்டு வாங்கவில்லை.

அவரைப் பொறுத்தவரை கடன் முடிந்தது. பதிவேட்டைப் பொறுத்தவரை முடியவில்லை. ₹590 பாக்கி, தாமதம் இத்தனை நாள் என்று மாதாமாதம் விவரம் போய்க்கொண்டே இருந்தது. தொகை சின்னதுதான். ஆனால் தாமதம் தொண்ணூறு நாளைத் தாண்டிய கடன் என்று வங்கி பார்க்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது இரண்டு பவர் மெஷின் வாங்க ₹2 லட்சம் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். ஸ்கோர் குறைவு என்று மறுத்துவிடுகிறார்கள். என்ன காரணம் என்று பார்க்கலாமென்றால், "ஏற்கெனவே குறைவா இருக்கு, பார்த்தா இன்னும் குறையுமே" என்று பயம். அதனால் பார்க்காமலே, பத்து நாளில் ஐந்து செயலிகளில் விண்ணப்பிக்கிறார். ஐந்திலும் மறுப்பு. இப்போது அவர் அறிக்கையில் பழைய பிழையோடு ஆறு ஹார்ட் என்கொயரிகளும் சேர்ந்துவிட்டன. செய்தால் குறையாத காரியத்துக்குப் பயந்து, குறைக்கிற காரியத்தை ஐந்து முறை செய்துவிட்டார்.

அவர் அறிக்கையைத் திறந்திருந்தால் ஸ்கூட்டர் கடன் இருக்கும் பக்கத்தில், பாக்கித் தொகையைக் காட்டும் இடத்தில் 590 என்று இருந்திருக்கும். அதற்குக் கீழே "Days Past Due" என்ற கட்டங்களில் மாதத்துக்கு மாதம் தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போவது தெரிந்திருக்கும். ரசீது கையில் இருக்கிறது. அன்றைக்கே புகார் கொடுத்திருக்கலாம்.

பிழையைத் திருத்துவது எப்படி?

புகாரை அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் பதிவு செய்யலாம். "Dispute" என்ற பகுதிக்குப் போய், எந்தக் கணக்கு, எந்த விவரம் தவறு என்று குறிப்பிட வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ரசீது நகலோடு ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். ஏனென்றால் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதிவு மாறும்.

இதற்குக் காலக்கெடு இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்திய விவரத்தை அனுப்ப வேண்டும். புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மொத்த வேலையும் முடிய வேண்டும். முடியாவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு ₹100 இழப்பீடு.

நம் உதாரணத்தில், தையல் கடைக்காரர் மார்ச் 3-ஆம் தேதி புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 2-உடன் 30 நாள் முடிகிறது. பதிவு திருத்தப்பட்டது ஏப்ரல் 14-இல் என்றால் 12 நாள் தாமதம். அவருக்கு வர வேண்டியது ₹1,200. கடன் கொடுத்தவர் 21 நாளைத் தாண்டியதால் தாமதம் என்றால் அவர்கள் தர வேண்டும். அவர்கள் நேரத்துக்கு அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் இழுத்தடித்தால் அந்த நிறுவனம் தர வேண்டும். ஆகவே புகார் எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். தவறான பதிவைத்தான் இந்த வழியில் திருத்த முடியும். உண்மையிலேயே தாமதமாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவை யாராலும் அழிக்க முடியாது. "ஐயாயிரம் கொடுங்க, ஒரே வாரத்துல ஸ்கோரை 800 ஆக்கித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பிழை இருந்தால் நீங்களே செலவில்லாமல் திருத்தலாம். பிழை இல்லையென்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. பான் எண்ணும் ஓடிபியும் அவர்கள் கைக்குப் போவதுதான் மிச்சம்.

"செட்டில்மென்ட் பண்ணிட்டேன், முடிஞ்சுதுல்ல?"

அறிக்கையைப் பார்க்கும்போது பலரைத் திடுக்கிட வைக்கும் ஒரு சொல் "Settled". முடித்துவிட்டோம் என்றுதானே அர்த்தம் என்று தோன்றும். அப்படி இல்லை.

₹80,000 பாக்கி இருந்து, "₹45,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று பேசி முடித்திருந்தால், மீதி ₹35,000-ஐ வங்கி விட்டுக்கொடுத்திருக்கிறது. அதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. அடுத்து கடன் தருபவர், முழுத் தொகையைக் கட்டாதவர் என்றுதான் அதை வாசிப்பார். முழுமையாகக் கட்டி முடித்த கடனில் "Closed" என்று இருக்க வேண்டும்.

ஏற்கெனவே செட்டில்மென்ட் செய்துவிட்டீர்கள் என்றால், வங்கியை அணுகி மீதித் தொகையையும் கட்டி, முழுமையாக முடிந்ததாகப் பதிவை மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இனிமேல் செய்யப் போகிறீர்கள் என்றால், விட்டுக்கொடுக்கும் தொகைக்கு இப்படி ஒரு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். மைத்துனருக்காக, நண்பருக்காகப் போட்ட ஜாமீன் உங்கள் அறிக்கையிலும் இருக்கும். அவர் தவணை தவறினால் உங்கள் ஸ்கோரும் இறங்கும். அவர் சொல்லாமல் விட்டாலும் அறிக்கை சொல்லிவிடும்.

இலவச அறிக்கை எடுப்பது எப்படி?

ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலத்தில், ஸ்கோருடன் கூடிய முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்கள் என்பதால் வருடத்துக்கு நான்கு அறிக்கைகள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம்.

1. www.cibil.com போன்ற நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். இலவச ஆண்டு அறிக்கைக்கான இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

2. பெயர், பிறந்த தேதி, பான் எண், பின்கோடு, மொபைல் எண் ஆகியவற்றை நிரப்பி, வரும் ஓடிபியைப் போடுங்கள். வங்கியில் கொடுத்திருக்கும் அதே மொபைல் எண்ணாக இருந்தால் சுலபம்.

3. நடுவில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று பணம் கட்டும் திட்டங்கள் வரலாம். வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்துத் தாண்டிப் போங்கள். கார்டு எண் எதுவும் கொடுக்கத் தேவையில்லை.

4. அறிக்கை வந்ததும் எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். பெயர், முகவரி சரியா, பட்டியலில் உள்ள எல்லாக் கடனும் நீங்கள் வாங்கியதுதானா, முடித்த கடன் முடிந்ததாக இருக்கிறதா, என்கொயரிப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத நிறுவனம் உண்டா என்று நான்கையும் பாருங்கள்.

கணினி மையத்தில் கொடுத்து எடுப்பவர்கள், ஓடிபியைச் சொல்லிவிட்டு வெளியே காத்திருக்காமல் பக்கத்திலேயே இருங்கள். வேலை முடிந்ததும் பதிவிறக்கிய கோப்பை அழித்து, கணக்கிலிருந்தும் வெளியேறச் சொல்லுங்கள்.

கடன் கேட்கப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே அறிக்கையை எடுத்துவிடுவது நல்லது. பிழை இருந்தால் திருத்த 30 நாள் வேண்டும், திருத்திய பிறகு புது ஸ்கோர் வரவும் சில நாள் ஆகும். அதன் பிறகு ஒரே ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள். அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், குறையாது.